தங்க வரைபுக்குப் பக்கத்தில் எந்த விளைவு வீதத்தை வைப்பது?

"அமெரிக்க முறிகளின் விளைவு வீதம் ஏறியதால் தங்கம் சரிந்தது" என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படும். சில வாரம் கழித்துப் பார்த்தால் விளைவு வீதமும் ஏறியிருக்கும், தங்கமும் ஏறியிருக்கும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் பவுண் விலை விசாரிக்கப் போகிறவர் இதில் எதை நம்புவது என்று குழம்புவது நியாயம்தான். செய்தியில் வருவது பெயரளவு விளைவு வீதம், அதாவது முறியில் பணம் போட்டவருக்கு வருடந்தோறும் கிடைக்கும் வீதம். தங்கத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது, அதிலிருந்து பணவீக்கம் போக மிஞ்சும் மெய் விளைவு வீதம். அந்த இரண்டாவது எண்ணை எங்கிருந்து எடுப்பது, தங்க வரைபோடு எப்படிப் பொருத்துவது, எங்கே அது ஏமாற்றும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் சொந்தப் பணத்தில் கணக்குப் போடுங்கள்

வங்கியில் 10 இலட்சம் ரூபாவை ஒரு வருட நிலையான வைப்பில் 8% வட்டிக்குப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வருடம் விலைவாசி 6% ஏறுகிறது. வருட முடிவில் கையில் 10 இலட்சத்து 80 ஆயிரம் இருக்கும். ஆனால் தொடக்கத்தில் 10 இலட்சத்துக்கு வாங்கிய அதே பொருட்களுக்கு இப்போது 10 இலட்சத்து 60 ஆயிரம் வேண்டும். மிச்சம் 20 ஆயிரம். 1.08 ஐ 1.06 ஆல் வகுத்தால் 1.0189 வரும். உங்கள் மெய் விளைவு 1.89% என்பது இதன் பொருள். வட்டியில் 10% நிறுத்திவைத்தல் வரி போனால் கையில் வருவது 10 இலட்சத்து 72 ஆயிரம். மெய் விளைவு 1.1% அளவுக்கு இறங்கிவிடும். வங்கிப் பலகையில் இருந்த 8% எங்கும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தங்கத்துக்கு வட்டி கிடையாது. ஒரு பவுணைப் பெட்டியில் பத்து வருடம் வைத்தாலும் அது ஒரு பவுண்தான். ஆகவே தங்கம் வைத்திருப்பதன் செலவு, அதே பணத்தை நம்பகமான முறியில் போட்டிருந்தால் பணவீக்கத்துக்கு மேல் கிடைத்திருக்கக்கூடிய தொகை. அந்தத் தொகை வருடத்துக்கு 2% என்றால் தங்கம் வைத்திருப்பவர் அதை இழக்கிறார். அது −1% என்றால் முறி வாங்கியவரின் வாங்கும் சக்திதான் தேய்கிறது. வட்டி தராத தங்கம் அப்போது மோசமான தெரிவாகத் தெரியாது. முறி 5% தருகிறதா 1% தருகிறதா என்று மட்டும் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது.

எந்தப் பணவீக்கத்தைக் கழிப்பது?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. கடந்த மாதம் அறிவிக்கப்பட்ட பணவீக்கத்தை எடுத்து இன்றைய விளைவு வீதத்திலிருந்து கழித்துவிடுவார்கள். அந்தப் பணவீக்கம் நடந்து முடிந்தது. இன்று முறி வாங்குபவருக்கு வேண்டியது அவர் அதை வைத்திருக்கப்போகும் காலத்தின் பணவீக்கம்.

நம் நாட்டிலேயே இதற்குத் தெளிவான உதாரணம் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 69.8%. அப்போது 364 நாள் திறைசேரி உண்டியல் சுமார் 30% தந்தது. பழைய பணவீக்கத்தை வைத்துக் கணக்கிட்டால் இது படு நட்டம். ஆனால் 2023 செப்டெம்பரில் அதே சுட்டெண் காட்டிய வருடாந்தப் பணவீக்கம் 1.3% மட்டுமே. 2022 செப்டெம்பரில் 100 ரூபா போட்டவர் ஒரு வருடத்தில் 130 ரூபா எடுத்தார்; விலைவாசியோ 100 இலிருந்து 101.3 க்குத்தான் போயிருந்தது. வரிக்கு முன் மெய் விளைவு 28%. முன்னே பார்த்தவருக்கும் பின்னே பார்த்தவருக்கும் ஒரே உண்டியல் நேரெதிரான கதையைச் சொன்னது.

இதில் இன்னொரு சின்ன விடயம். 30 இலிருந்து 69.8 ஐக் கழித்தால் −39.8% வரும். சரியாக வகுத்தால், அதாவது 1.30 ஐ 1.698 ஆல் வகுத்தால், −23.4% தான். இலக்கங்கள் சிறியவையாக இருக்கும்போது கழித்தலே போதும். பெரிதானால் வகுத்தே ஆகவேண்டும்.

எதிர்காலப் பணவீக்கம் யாருக்கும் தெரியாது. ஆனால் சந்தை என்ன எதிர்பார்க்கிறது என்பதைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கத் திறைசேரி 1997 முதல் பணவீக்கத்துடன் இணைத்த முறிகளை விற்கிறது. சந்தையில் இவற்றை டிப்ஸ் என்பார்கள். 1,000 டொலர் முதற்பணம் கொண்ட முறி ஒன்றை எடுத்தால், அமெரிக்க நுகர்வோர் விலைச் சுட்டெண் 3% ஏறும்போது முதற்பணம் 1,030 ஆகிவிடும். வட்டியும் அந்த 1,030 இன் மீதே கணிக்கப்படும். பணவீக்கம் முதற்பணத்துக்குள்ளேயே சேர்ந்துவிடுவதால் இந்த முறிக்குச் சந்தை குறிக்கும் விளைவு வீதம் ஏற்கெனவே மெய் விளைவு வீதம். நீங்கள் எதையும் கழிக்க வேண்டியதில்லை.

ஏன் அமெரிக்காவின் முறி, இலங்கையுடையது ஏன் இல்லை? உலகத் தங்க விலை டொலரில், லண்டனிலும் நியூயோர்க்கிலும் தீர்மானமாகிறது. கொழும்பில் திறைசேரி உண்டியல் 10% தந்தாலும் 30% தந்தாலும் அங்கே யாரும் அசையமாட்டார்கள். நம் ரூபா இந்தக் கணக்குக்குள் வருவது கடைசியில், நாணய மாற்று வீதத்தின் வழியாக. அதைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

வரைபை அமைத்தல்

செயின்ட் லூயிஸ் பெடரல் ரிசேர்வ் வங்கியின் தரவுத்தளம் இலவசம். முகவரி fred.stlouisfed.org. தேடற்பெட்டியில் இந்த மூன்று குறியீடுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்:

```
DGS10    
DFII10   
T10YIE   
```

முதலாவது 10 வருட சாதாரண முறியின் பெயரளவு விளைவு. இரண்டாவது 10 வருட டிப்ஸின் மெய் விளைவு. இதன் தரவு 2003 இலிருந்து உண்டு. மூன்றாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இதைச் சமநிலைப் பணவீக்கம் என்று சொல்லலாம்: அடுத்த 10 வருடத்தின் சராசரிப் பணவீக்கம் இந்த அளவாக இருந்தால் இரண்டு முறியில் எதை வாங்கினாலும் ஒரே பலன். மூன்றாவது எண் தனியாக அளந்து எடுக்கப்பட்டது அல்ல, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பெற்றது. ஆகவே மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்டு எதையோ நிரூபித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

தங்க விலையை அந்தத் தளத்தில் தேடி நேரம் கழிக்காதீர்கள்; லண்டன் தங்க விலைத் தொடர் 2022 தொடக்கத்தில் அங்கிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டையும் ஒரே திரையில் பார்க்க TradingView என்ற வரைபுத் தளம் வசதியானது. XAUUSD என்ற தங்க வரைபைத் திறந்து, மேலே உள்ள Compare பொத்தானை அழுத்தி FRED:DFII10 என்று தட்டுங்கள். சேர்க்கும்போது New price scale என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இரண்டும் சதவீத மாற்றமாக ஒரே அளவுகோலில் விழும். விளைவு வீதம் பூச்சியத்தைத் தாண்டும் ஒரு தொடர் என்பதால் அதன் சதவீத மாற்றத்துக்குப் பொருளே இல்லை, கோடு கண்டபடி துள்ளும். பிறகு அந்தத் தொடரின் அளவுகோலில் வலது சொடுக்கிட்டு Invert scale கொடுங்கள். தங்கமும் மெய் விளைவும் எதிரெதிர்த் திசையில் போவதுதான் வழக்கம். ஒன்றைத் தலைகீழாக்கினால் இரண்டு கோடும் சேர்ந்து நடப்பதோ பிரிவதோ கண்ணுக்கு உடனே தெரியும். பிறருக்கு அனுப்பும்போது அளவுகோல் தலைகீழாக்கப்பட்டது என்று வரைபின் மேலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவர் மெய் விளைவு ஏறியதை இறங்கியதாகப் படிப்பார்.

நாள் வரைபைவிட வார வரைபு நல்லது. டிப்ஸ் தரவு ஒரு வேலைநாள் தாமதமாக வருகிறது, அமெரிக்க விடுமுறைகளில் வெற்றிடமும் விழும். தங்கமோ கிட்டத்தட்ட நாள் முழுக்க ஓடும். நாளுக்கு நாள் ஒப்பிட்டால் நேற்றைய விளைவை இன்றைய விலையோடு சேர்த்துவிடுவோம்.

2020: பெயரளவுக் கோடு தூங்கிய மாதங்கள்

இப்போது வரைபை 2020 ஏப்ரல் கடைசிக்குக் கொண்டுபோங்கள். பெயரளவு விளைவு 0.64%, சமநிலைப் பணவீக்கம் 1.07%, மெய் விளைவு −0.43%. தங்கம் அவுன்ஸ் 1,703 டொலர் அளவில்.

அங்கிருந்து ஆகஸ்ட் 6 க்கு வாருங்கள். பெயரளவு விளைவு 0.55%. மூன்று மாதத்துக்கு மேலாகியும் அது நகர்ந்தது பத்தில் ஒரு சதவீதப் புள்ளிகூட இல்லை. செய்தியைப் பார்த்தவருக்கு முறிச் சந்தையில் ஒன்றும் நடக்கவில்லை. தங்கமோ 2,067 டொலர், 21% ஏற்றம்.

உள்ளே நடந்தது இதுதான். கொவிட் முடக்கத்துக்குப் பின் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூச்சியத்தருகே வைத்துப் பெருமளவில் முறிகளை வாங்கிக்கொண்டிருந்தது. அதனால் பெயரளவு விளைவு எழும்பவில்லை. அதே வேளை, மார்ச் பீதியில் அடிமட்டத்துக்குப் போயிருந்த பணவீக்க எதிர்பார்ப்பு மீண்டு 1.63% க்கு வந்தது. மேலே உள்ள எண் அசையாமல் நிற்க, கழிக்கும் எண் பெரிதானது. மெய் விளைவு −1.08% க்கு விழுந்தது. 10 வருடம் அமெரிக்க அரசுக்குக் கடன் கொடுப்பவர் வருடந்தோறும் ஒரு சதவீத வாங்கும் சக்தியை இழக்கச் சம்மதித்த நிலை அது. DGS10 ஐ மட்டும் வைத்திருந்தவரின் வரைபில் தங்கத்தின் ஏற்றத்துக்குக் காரணமே இருந்திருக்காது.

அடுத்த கட்டத்தையும் பாருங்கள். 2021 மார்ச் கடைசியில் பெயரளவு விளைவு 1.74%, அதாவது ஆகஸ்டிலிருந்து 1.19 புள்ளி ஏற்றம். ஆனால் அதில் 0.74 புள்ளி பணவீக்க எதிர்பார்ப்பின் ஏற்றம். மெய் விளைவு ஏறியது 0.45 புள்ளிதான், −0.63% க்கு. தங்கம் 1,690 டொலருக்கு இறங்கியது. இங்கே பெயரளவும் மெய்யும் ஒரே திசையில் போயின, ஆனால் அளவு வேறு. இனிமேல் "விளைவு வீதம் ஏறியது" என்று கேட்டால் முதற் கேள்வி, எந்தப் பாகம் ஏறியது என்பதாக இருக்கட்டும். பணவீக்க எதிர்பார்ப்பு ஏறியதால் மட்டும் பெயரளவு ஏறியிருந்தால் தங்கத்துக்கு அதில் பெரிய பாதிப்பு இருக்காது.

2022: பணவீக்கம் 9.1%, தங்கம் ஏன் இறங்கியது?

தங்கம் பணவீக்கத்துக்குக் காப்பு என்று நம்பியவர்களை அதிகம் குழப்பிய வருடம் இது. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1%, பெயரளவு விளைவு 3% சொச்சம். பழைய பணவீக்கத்தைக் கழிப்பவரின் கணக்கில் மெய் விளைவு −6%. அந்தக் கணக்குச் சரியென்றால் தங்கம் பறந்திருக்க வேண்டும். ஆனால் மார்ச் 8 இல் 2,039 டொலராக இருந்த தங்கம் செப்டெம்பர் முடிவில் 1,670 டொலருக்கு வந்துவிட்டது.

DFII10 ஐப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் −1% அளவில் இருந்த மெய் விளைவு மே தொடக்கத்தில் பூச்சியத்தைக் கடந்து, செப்டெம்பர் கடைசியில் 1.6% அளவுக்கு வந்திருந்தது. மத்திய வங்கி வட்டியை வேகமாக உயர்த்த, பணவீக்கம் அடங்கிவிடும் என்று சந்தை நம்பியது. ஆகவே 10 வருட எதிர்பார்ப்பு 9% க்குக் கிட்டவும் போகவில்லை. உண்மையில் அது குறைந்தது. பெயரளவு ஏற, கழிக்கும் எண் குறைய, மெய் விளைவு இரு பக்கத்தாலும் ஏறியது.

ஒரு புள்ளிக்கு எத்தனை சதவீதம்?

வரைபைப் பார்த்ததும் எல்லோரும் தேடுவது ஒரு வாய்பாடு: மெய் விளைவு ஒரு புள்ளி இறங்கினால் தங்கம் இத்தனை சதவீதம் ஏறும் என்று. மேலே உள்ள மூன்று கட்டங்களிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 இல் 0.65 புள்ளிக்கு 21%, அதாவது ஒரு புள்ளிக்கு 32% வீதம். 2021 மார்ச் வரை 0.45 புள்ளிக்கு 18%, ஒரு புள்ளிக்கு 40%. 2022 இலோ சுமார் 2.6 புள்ளிக்கு 18% தான். ஒரு புள்ளிக்கு 7%. திசை மூன்றிலும் சரி. அளவு ஐந்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. 2020 இன் வாய்பாட்டை 2022 இல் போட்டவர் தங்கம் பாதிக்கும் கீழே போகும் என்று எதிர்பார்த்திருப்பார்.

அதற்குப் பின் திசையும் தவறத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் மெய் விளைவு 2.5% ஐத் தொட்டபோது தங்கம் 2,000 டொலருக்குப் பக்கத்தில் நின்றது. 2018 நவம்பரில் மெய் விளைவு 1.1% அளவில் இருக்கையில் அது 1,220 டொலர் அளவில்தான். 2025 ஒக்டோபரில் மெய் விளைவு நேர்க்கணியத்திலேயே இருக்க, தங்கம் 4,000 டொலரைத் தாண்டியது. பெரிய காரணம் வாங்குபவர் மாறியது. 2022 பெப்ரவரியில் ரஷ்யாவின் வெளிநாட்டு ஒதுக்குகள் முடக்கப்பட்ட பிறகு பல மத்திய வங்கிகள் தங்கத்தைக் குவித்தன; 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருடமும் ஒவ்வொன்றிலும் 1,000 தொன்னுக்கு மேல். ஒதுக்கு முடக்கப்படுமோ என்று பயந்து வாங்குபவர், டிப்ஸ் 2% தருகிறதா 1% தருகிறதா என்று பார்த்து நிறுத்தமாட்டார்.

ஆகவே மட்டங்களை ஒப்பிடாமல் மாற்றங்களை ஒப்பிடுங்கள். விரிதாளில் வெள்ளிக்கிழமை எண்களை இறக்கி, B நிரலில் மெய் விளைவு, C நிரலில் தங்கம் என்று வைத்து இப்படிச் செய்யலாம்:

```
D3: =B3-B2
E3: =C3/C2-1
F54: =CORREL(D3:D54,E3:E54)
```

F நிரலை கீழே இழுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு வாரமும் கடந்த 52 வாரத்தின் தொடர்பு கிடைக்கும். −0.5 க்குக் கீழே இருந்தால் வரைபு வேலை செய்கிறது என்று எடுக்கலாம். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் தங்கத்தை வேறு ஏதோ இழுக்கிறது; அந்தக் காலத்தில் மெய் விளைவைக் காட்டி விலை சொல்பவரை நம்ப வேண்டாம். இந்த −0.5 கல்லில் எழுதிய எல்லையல்ல, ஒரு வசதிக்கான அளவு. கலங்களில் வெற்றிடமோ புள்ளியோ விழுந்திருந்தால் கழித்தல் பிழையாகும் அல்லது போலியான பெரிய மாற்றம் தோன்றும். அந்த வரிகளை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

டிப்ஸ் எண்ணே பொய் சொல்லும் நேரமும் உண்டு. 2020 மார்ச் நடுவில் எல்லோரும் காசுக்காக எதையும் விற்றார்கள். டிப்ஸ் சந்தை சாதாரண முறிச் சந்தையைவிடச் சிறியது, ஆகவே அதில் விலை கூடுதலாக விழுந்தது, விளைவு துள்ளியது. எதிர்பார்ப்பு ஒரே வாரத்தில் அப்படி மாறவில்லை. விற்க ஆளிருந்தும் வாங்க ஆளில்லை. 2008 கடைசியிலும் இதுவே நடந்தது. மெய் விளைவும் டொலரும் சேர்ந்து செங்குத்தாக ஏற, பங்குகளும் தங்கமும் சேர்ந்து விழுந்தால் அது இந்த வகை நெருக்கடி என்று அடையாளம் காணலாம்.

பவுணுக்குக் கொண்டுவருதல்

ஒரு அவுன்ஸ் 31.1035 கிராம். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் அதில் 24 இல் 22 பங்கு தங்கம். இவற்றைச் சேர்த்தால் ஒரு 22 கரட் பவுணில் 0.2358 அவுன்ஸ் தங்கம் இருக்கிறது. அவுன்ஸ் விலையை டொலர் வீதத்தாலும் 0.2358 ஆலும் பெருக்கினால் பவுணின் அடிப்படை விலை வரும்.

2022 பெப்ரவரி கடைசியில் தங்கம் 1,910 டொலர், டொலர் உத்தியோகபூர்வ வீதத்தில் 202 ரூபா. பெருக்கினால் சுமார் 91,000 ரூபா. செப்டெம்பர் கடைசியில் தங்கம் 1,670, டொலர் 363 ரூபா, பெருக்கினால் 143,000. உலகத் தங்கம் 13% இறங்க, நம் கணக்கில் பவுண் 57% ஏறியிருக்கிறது. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் தாலிக்கொடிக்குத் தங்கம் தேடியவருக்கு அமெரிக்க மெய் விளைவைச் சரியாகக் கணித்திருந்தாலும் ஒரு பயனும் இருந்திருக்காது.

அதனால் விரிதாளில் டொலர் தங்கத்தையும் டொலர் வீதத்தையும் இரண்டு தனி நிரல்களாக வைத்திருங்கள். பவுண் விலை மாறும்போது எந்த நிரல் மாறியது என்று முதலில் பாருங்கள். டொலர் தங்கம் மாறியிருந்தால் மட்டும் டிப்ஸ் வரைபுக்குப் போங்கள். ரூபா மாறியிருந்தால் விடை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டும் மாறாமல் கடை விலை மட்டும் கூடியிருந்தால், செய்கூலியும் சேதாரமும் விலைக்குள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.